நாற்பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு

நபுல், துனிஸ் நகருக்குத் தென்கிழக்கே கடலோரத்தில் இருக்கிறது. துனீசியாவில் மட்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். நீலப் பூவேலை செய்த கிண்ணம் மூன்றும் ஒரு தட்டும் எடுத்து வைத்துவிட்டு எவ்வளவு என்று கேட்டேன். கடைக்காரப் பெரியவர் நிதானமாகப் பிரெஞ்சில் சொன்னார்: "நாற்பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு."

எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சை நம்பலாமா என்று சந்தேகம் வந்தது. பில்லைக் காட்டச் சொன்னேன். அதிலும் 49,500 என்றே இருந்தது. காதும் கண்ணும் ஒரே சாட்சி சொல்லும்போது என்ன செய்ய? கையிலிருந்த தட்டை மெதுவாக மேசையில் வைத்தேன்.

என்னைக் காப்பாற்றியது பர்ஸ். முந்தின நாள் பணம் மாற்றியபோது கிடைத்ததில் பெரிய தாள் ஐம்பது தினார். அதற்கு மேல் தாள் கிடையாது என்று மாற்றிக் கொடுத்தவர் சொல்லியிருந்தார். இந்தப் பில் உண்மையிலேயே ஆயிரக் கணக்கில் இருந்தால் ஐம்பது தினார் தாள் 990 எண்ண வேண்டும். நான்கு மண் சாமானுக்கு மூட்டை கட்டிப் பணம் கொண்டு வருகிற ஊர் எதுவும் இல்லை. அப்புறம்தான் பில்லை ஒழுங்காகப் படித்தேன்.

கிண்ணம் 3, ஒன்று 12,500, ஆக 37,500. தட்டு 1, 11,000. கூட்டினால் 48,500. அதன் கீழே முத்திரைக் கட்டணம் 1,000. மொத்தம் 49,500. கடைசி வரி எழுத்தில் இருந்தது: "நாற்பத்தொன்பது தினார், ஐந்நூறு மில்லிம்." பிரெஞ்சு வழக்கில் வரும் இன்வாய்ஸ்களில் மொத்தத்தை இப்படி எழுத்திலும் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். காசோலையில் எழுதுவது போலத்தான். முதலில் அந்த வரிக்குப் போயிருந்தால் இவ்வளவு வியர்த்திருக்காது.

விஷயம் இதுதான். துனீசிய தினார் நூறு காசாகப் பிரியாது, ஆயிரம் மில்லிமாகப் பிரியும். அதனால் கமாவுக்குப் பின்னால் மூன்று இலக்கம். அந்தக் கமா ஆயிரத்தைப் பிரிக்க வந்ததல்ல, தசமக் குறி. பேசும்போது பலர் தினாரை விட்டுவிட்டு மில்லிமிலேயே சொல்லிவிடுவதால் பத்து தினார் பத்தாயிரம் ஆகிவிடுகிறது. பெரியவர் ஏமாற்றவில்லை, ஊர்ப் பேச்சில் பேசினார், அவ்வளவுதான். டாக்ஸி மீட்டரிலும் கடைசி மூன்று இலக்கம் மில்லிம்தான். அவசரத்தில் அதைப் பார்த்துப் பத்து மடங்கு கொடுத்துவிட்டு இறங்குகிறவர்கள் உண்டு என்று விடுதியில் சொன்னார்கள்.

இத்தனைக்கும் நான் ஜெர்மனி வழியாக வந்தவன். கமாவும் புள்ளியும் அங்கே இடம் மாறியிருக்கும் என்று தெரிந்துகொண்டுதான் வந்தேன். கார் பழுதுபார்த்த இன்வாய்ஸில் வரிக்கு முன் 1.050,42, பத்தொன்பது சதவீத வரி 199,58, மொத்தம் 1.250,00. இதில் குழப்பமே இல்லை. ஒரே எண்ணில் இரண்டு விதக் குறி இருந்தால் கடைசியாக வருவதுதான் தசமம். ஒரே குறி இரண்டு முறை வந்தால், 1.250.000 போல, அது வெறும் பிரிப்பான். ஒரே ஒரு குறி, அதன் பின்னால் சரியாக மூன்று இலக்கம் என்று வரும் எண்தான் ஆளைக் கவிழ்க்கும். பழுதுபார்ப்பதற்கு முன்னால் தந்த மதிப்பீட்டுத் தாளில் வெறும் "1.250 €" என்று இருந்தது. அது ஆயிரத்து இருநூற்று ஐம்பது யூரோ. அதே 1.250 குவைத் பில்லில் இருந்தால் ஒன்றேகால் தினார், ஏனென்றால் அந்தத் தினாரும் ஆயிரமாகப் பிரிவது. இந்தோனேசியாவில் அது மறுபடியும் ஆயிரத்து இருநூற்று ஐம்பது ரூபியா. எண்ணை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் விடை அதில் இல்லை. எந்தப் பணம், அது எத்தனை சில்லறையாகப் பிரியும் என்று தெரிந்தால்தான் உண்டு.

"யூரோவில் மூன்று இலக்கம் வந்தால் ஆயிரம்" என்று அப்போதே ஒரு விதி எழுதி வைத்தேன். அடுத்த பெட்ரோல் பங்கிலேயே அது உடைந்தது. லிட்டர் விலை 1,789. அங்கே எரிபொருளுக்கு மட்டும் யூரோவில் மூன்றாம் தசமம் வரை விலை போடுகிறார்கள். ரசீதைப் பெருக்கிப் பார்த்தேன். 38,52 லிட்டர் பெருக்கல் 1,789, வந்தது 68,91. ரசீதிலும் அதே தொகை. அன்றிலிருந்து விதியை விட்டுவிட்டுப் பெருக்கலைப் பிடித்துக்கொண்டேன். எண்ணிக்கை, விலை, தொகை மூன்றும் இருக்கும் எந்த ரசீதிலும் இது வேலை செய்யும். ஆனால் ஒரு ஓட்டை உண்டு. நபுல் பில்லில் எல்லா வரியையும் ஆயிரமாகப் படித்தாலும் கணக்கு பிசகாமல் ஒத்துப்போகும். அங்கே பர்ஸைப் போலவே காட்டிக்கொடுத்த இன்னொன்று முத்திரைக் கட்டண வரி. 48,500க்குப் பக்கத்தில் 1,000 என்று அதுவும் நல்ல பிள்ளையாக நின்றது, ஆனால் ஒரு முத்திரைக்கு ஆயிரம் தினார் யார் வாங்குவார்கள்?

பணக் குறிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோபன்ஹேகனிலிருந்து ரயிலில் பாலத்தைக் கடந்தால் சுவீடனின் மால்மோ வந்துவிடும். இரண்டு பக்கமும் ரசீதில் "kr" தான். ஆனால் டேனிஷ் குரோன் ஒன்று, சுவீடன் குரோனா ஏறத்தாழ ஒன்றரைக்குச் சமம். விலைச்சீட்டில் டென்மார்க்கில் 129,- என்றும் சுவீடனில் 129:- என்றும் எழுதுகிறார்கள். அந்தக் கோடு "சில்லறை இல்லை" என்பதற்கு. கழித்தல் குறி என்று நினைத்து அது தள்ளுபடி விலையா என்று கேட்ட மேதாவி நான்தான். டாலர் குறி இன்னும் மோசம். சிலியில் "$ 12.500" என்றால் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு பெசோ, அமெரிக்க டாலரோடு அதற்குச் சம்பந்தமில்லை. அட்டை தேய்க்கும் முன் இயந்திரத்தில் DKK, SEK, CLP மாதிரி மூன்றெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பது அதனால்தான். குறி பொய் சொல்லலாம், அந்த மூன்றெழுத்து சொல்லாது.

நபுலில் இயந்திரம் 49,500 TND என்று காட்டியது. இந்த முறை கை நடுங்காமல் ரகசிய எண்ணை அழுத்தினேன். பெரியவர் கிண்ணங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். அட்டைக் கணக்கில் பதினைந்து யூரோ பக்கம் கழிந்திருந்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அன்றிரவு செலவுக் கணக்கைத் தட்டச்சு செய்தபோது தாளில் இருந்ததை அப்படியே 49,500 என்று போட்டேன். என் விரிதாளுக்குக் கமா என்றால் ஆயிரப் பிரிப்பான்தான். சத்தமில்லாமல் அதை 49500 என்று வைத்துக்கொண்டது. இரண்டு நாள் கழித்துத் துனீசியாச் செலவின் மொத்தத்தைப் பார்த்த மனைவி, "அங்க என்ன, வீடு ஏதாவது வாங்கிட்டீங்களா?" என்று கேட்டாள். அந்த வரியை 49.5 என்று திருத்திவிட்டு, ஜெர்மனி பக்கத்தைத் திறந்தேன். கார் மதிப்பீடு 1.250 அங்கே 1.25 ஆகக் கிடந்தது.