ஒரே டிரிம் ஷீட்டில் ஒரு தெருவின் இரும்புச் சாமான்கள்

மேற்கு மாம்பலத்தின் ஒரு குறுக்குத் தெருவை விளையாட்டுக் காட்சியாக அமைக்கும் வேலையில், கட்டடங்களைத் தவிர்த்துத் தெருவில் கிடக்கும் இரும்புச் சாமான்கள் எல்லாம் என் பொறுப்பில் வந்தன. மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ், கடை ஷட்டர், காவல்துறையின் தடுப்பு வேலி, பேருந்து நிறுத்த இருக்கை, குப்பைத் தொட்டி, தள்ளுவண்டி என இருபதுக்கும் மேற்பட்ட ப்ராப்கள் பட்டியலில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் 1024 அளவில் நிறம், பரப்பின் சாய்வைச் சொல்லும் நார்மல், மினுமினுப்பைத் தீர்மானிக்கும் ரஃப்னஸ் என மூன்று மேப்கள் என்று வைத்தால், ஒரு பிக்சலுக்கு ஒரு பைட் கணக்கில், தொலைவுக்கென்று சுருக்கி வைக்கும் மிப்மேப்களையும் சேர்த்து ஒரு ப்ராப்புக்கு 4 மெகாபைட் ஆகும், இருபதுக்கு 80. அதே மூன்று மேப்களை 2048 அளவில் ஒரே ஒரு தொகுதியாகச் செய்து எல்லாப் ப்ராப்களுக்கும் பகிர்ந்தால் மொத்தமே 16 மெகாபைட்தான். நினைவகம் மட்டுமல்ல, ஒரு பில்லர் பாக்ஸின் பெயின்ட் பக்கத்துத் தள்ளுவண்டியின் பெயின்ட்டை விட மங்கலாகத் தெரியும் சிக்கலும் இதில் வருவதில்லை. ஆகவே டிரிம் ஷீட் என்று முடிவாயிற்று.

டிரிம் ஷீட் என்பது படத்தைக் கிடைமட்டப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையும் இடவலமாக முடிவில்லாமல் தொடரும்படி செய்வது. மாடலுக்கு ஏற்ப டெக்ஸ்சர் வரைவதற்குப் பதிலாக, இருக்கும் பட்டைகளின் மேல் மாடலின் யூவியை, அதாவது அதன் பரப்பைத் தட்டையாக விரித்த வரைபடத்தை, கொண்டுபோய்ப் படிய வைக்கிறோம். இதனால் வேலையின் வரிசையே தலைகீழாகிறது: பட்டைகளின் அகலத்தை முதலில் முடிவு செய்ய வேண்டும், அதற்குப் பிறகு அதைத் தொடக்கூடாது. எங்கள் குழுவின் மூத்தவர், "ஷீட் வரையறதுக்கு முன்னாடி டேப்பை எடுத்துட்டுப் போய்த் தெருவுல அளந்துட்டு வாங்க" என்று சொன்னது இதனால்தான். ஷட்டர்களையும் இருக்கைகளையும் அளந்தோம்; பில்லர் பாக்ஸை மட்டும் தொடாமல், சற்றுத் தள்ளி ஓர் அளவுகோலை நிறுத்திப் படம் எடுத்துக் கணக்கிட்டுக்கொண்டோம்.

டெக்சல் அடர்த்தியை ஒரு மீட்டருக்கு 512 பிக்சல் என்று வைத்தோம். அப்படியானால் 2048 அகலமுள்ள ஷீட் நான்கு மீட்டர் நீளத்தைத் தாங்கும். 512 பிக்சல் பட்டை ஒரு மீட்டர், 256 அரை மீட்டர், 128 கால் மீட்டர், 64 பன்னிரண்டரை செ.மீ. எங்கள் ஷீட்டில் வெறும் பெயின்ட் தகட்டுக்கு 512 பிக்சலில் ஒரு பட்டையும் 256இல் ஒன்றும் ஒதுக்கினோம். ஷட்டருக்கும் காற்றுத் துளைகள் உள்ள தகட்டுக்கும் 256இல் ஒவ்வொன்று. குழாய்க்கும் ஆங்கிள் இரும்புக்கும் 128இல் ஒவ்வொன்று. விளிம்புக்கும் ரப்பர் பட்டைக்கும் 64இல் ஒவ்வொன்று. மீதியில் 256 பிக்சலைப் போல்ட், கீல், பூட்டு, கைப்பிடி முதலிய தனி உருப்படிகளுக்குக் கொடுத்தோம். கடைசி 128 பிக்சலை வேண்டுமென்றே வெறுமையாக விட்டோம். பட்டைகளின் எல்லைகள் எல்லாம் 64இன் மடங்குகளில் விழுந்தன. டெக்ஸ்சர் சுருக்கம் நான்குக்கு நான்கு பிக்சல் கட்டங்களாக நடப்பதால், எல்லை அந்தக் கட்டத்தின் நடுவில் விழாமல் இருப்பதே நல்லது.

நுணுக்கங்கள் நிறைந்த ஹை பாலி மாடலைப் பிளெண்டரில் நான்கு மீட்டர் சதுரத் தளத்தின் மேல் பட்டை பட்டையாக வடித்து, அந்த நுணுக்கங்களைப் படமாகப் பேக் செய்தோம். இங்கே இரண்டு இடங்களில் கவனம் தேவைப்பட்டது. முதலாவது, மாடல் தளத்தின் இடது வலது ஓரங்களோடு நின்றுவிடக் கூடாது. இடப்பக்கத்தில் இருப்பதன் நகல் வலப்பக்க ஓரத்துக்கு வெளியேயும், வலப்பக்கத்தில் இருப்பதன் நகல் இடப்பக்கத்துக்கு வெளியேயும் நீண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் இடுக்குகளின் நிழலைப் பதியும் ஆம்பியன்ட் ஒக்லூஷன் அந்த ஓரத்தில் மாறி, ஷீட் மறுபடி தொடங்கும் இடத்தில் செங்குத்தான ஒரு கோடு தெரியும். இரண்டாவது, உயரமான பட்டை பக்கத்துப் பட்டையின் மேல் நிழல் போடும். ஆங்கிள் இரும்பின் நிழல் பெயின்ட் தகட்டின் ஓரத்தில் கருமையாகப் பதிந்துவிட்டால், அந்தத் தகட்டை எந்தப் ப்ராப்பில் போட்டாலும் ஒரு பக்கம் மட்டும் அழுக்காக இருக்கும். அதனால் ஒக்லூஷனை மட்டும் பட்டை பட்டையாகப் பிரித்துப் பேக் செய்து பிறகு ஒன்றுசேர்த்தோம்.

தகட்டுப் பட்டைகளின் மேல் கீழ் விளிம்புகளில் சுமார் ஒரு செ.மீ., அதாவது ஐந்து பிக்சல் அகலத்துக்கு, 45 டிகிரி சரிவு ஒன்றை வைத்தோம். இந்த உத்தியின் பலன் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. பெட்டியின் இரண்டு பக்கங்கள் செங்கோணத்தில் சந்திக்கும் மூலையில், இரண்டு பக்கங்களின் விளிம்புகளும் பட்டையின் விளிம்பில் சரியாகப் படிந்தால், இரண்டிலும் நார்மல் 45 டிகிரி சாய்ந்து ஒரே திசையை நோக்கும். மாடலில் பெவல் எதுவும் இல்லாமலே ஒளி அந்த மூலையில் வளைந்து திரும்புவது போலத் தோன்றும். இதற்கு மூலையின் விளிம்பு ஹார்ட் எட்ஜாக இருக்க வேண்டும், யூவியும் அங்கே வெட்டப்பட்டிருக்க வேண்டும். சரிவு பட்டையின் எல்லையோடு நிற்காமல், அதற்கு வெளியே இன்னும் எட்டுப் பிக்சல் வரை தொடரும்படி விட்டிருந்தோம். தொலைவில் மிப்மேப்கள் சுருங்கும்போது பக்கத்துப் பட்டையின் நிறம் உள்ளே கசியாமல் காப்பது அந்த எட்டுப் பிக்சல்தான். ஆனாலும் மூன்று மிப் நிலைகள் தாண்டியதும் அது ஒரே பிக்சலாகிவிடும் என்பதால், அதன் காவலுக்கும் ஓர் எல்லை உண்டு.

பில்லர் பாக்ஸை எடுத்துக்கொள்கிறேன். உயரம் 1.2 மீட்டர், அகலம் 0.8, ஆழம் 0.4. முன்பக்கத்தின் இரண்டு செங்குத்து விளிம்புகளிலும் சரிவு வேண்டும் என்பதால், யூவியை 90 டிகிரி திருப்பி, பெட்டியின் உயரம் பட்டையின் நீளத்தோடு ஓடும்படி வைக்க வேண்டும். ஆனால் பட்டையின் அகலம் ஒரு மீட்டர், முகமோ 0.8 மீட்டர். இழுத்துப் பொருத்தலாம்; அடர்த்தி 640 ஆகும், கண்ணுக்கும் பெரிதாகத் தெரியாது, ஆனால் சரிவு மெலிந்துபோகும், பக்கவாட்டுத் தகட்டோடு ஒட்டாது. அதற்குப் பதிலாக முகத்தை நடுவில் செங்குத்தாக வெட்டி, ஒரு பாதியைப் பட்டையின் மேல் விளிம்பிலும் மறுபாதியைக் கீழ் விளிம்பிலும் சேர்த்தோம். நடுவில் 20 செ.மீ. பயன்படாமல் போனது. வெட்டிய இடத்தில் பெயின்ட்டின் தடம் தொடராதே என்றால், பில்லர் பாக்ஸுக்கு இரட்டைக் கதவு. அந்த வெட்டு கதவுகளின் இடுக்கில் சரியாக விழுந்து மறைந்துவிட்டது. இப்படி வெட்டுக்கு ஓர் இயல்பான காரணத்தைத் தேடிப் பிடிப்பதுதான் டிரிம் ஷீட் வேலையில் பாதி என்று எனக்குத் தோன்றுகிறது.

மேலே இருக்கும் மழைத் தகடு வேறு கதை. அதற்கு நான்கு விளிம்புகளிலும் சரிவு வேண்டும், பட்டைக்கோ இரண்டு விளிம்புகள்தான். ஆகவே தகட்டின் ஓரத்திலிருந்து 6.25 செ.மீ. உள்ளே ஒரு வளையம் வெட்டி, நான்கு மூலைகளையும் படச்சட்டத்தைப் போலக் குறுக்காகப் பிரித்தோம். கிடைத்த நான்கு சரிவகங்களையும் 64 பிக்சல் விளிம்புப் பட்டையின் ஒரு பாதியில், வெளி விளிம்பு பட்டையின் விளிம்பைத் தொடும்படி படிய வைத்தோம். சரிவகத்தைச் செவ்வகமாக இழுத்து நேராக்கினால் மூலையில் டெக்ஸ்சர் கோணலாகும். வடிவத்தை அப்படியே விட வேண்டும். நடுச் செவ்வகம் அகலமான தகட்டுப் பட்டையின் உட்பகுதிக்குப் போனது. இரண்டு பட்டைகளிலும் பெயின்ட்டின் மணல்தன்மை ஒன்றாகவே இருந்ததால் இணைப்பு தெரியவில்லை.

ஷட்டரில் வேறொரு வரம்பு வெளிப்பட்டது. பட்டை இடவலமாகத் தொடரும், மேல் கீழாகத் தொடராது. இரண்டரை மீட்டர் உயர ஷட்டரை அரை மீட்டர் வீதம் ஐந்து வரிசையாக வெட்டி, ஐந்தையும் ஒரே பட்டையின் மேல் அடுக்க வேண்டியிருந்தது. தூரத்திலிருந்து பார்க்கும்போது கசிவு முதலில் கண்ணில் படுவது இத்தகைய வரிசை எல்லைகளில்தான். சம இடைவெளியில் மெல்லிய கருங்கோடுகள் தெரியும். பட்டைக்குள் ஆறு தகட்டு வரிகள் முழுமையாக அடங்கும்படியும், பட்டையின் எல்லை இரண்டு வரிகளுக்கு இடையிலான பள்ளத்தில் விழும்படியும் ஹை பாலியிலேயே அமைத்திருந்ததால், கோடு வந்தாலும் அது பள்ளத்தின் நிழலாகவே படும். குழாய்ப் பட்டைக்கு மட்டும் சரிவு வைக்கவில்லை. வைத்தால் தடுப்பு வேலியின் குழாயெங்கும் நீளவாக்கில் ஒரு தழும்பு ஓடும். குழாயின் சுற்றில் ஒரு பாதியைப் பட்டையின் மேல் விரித்து, மறுபாதியை அதன் மேலேயே கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிவிட்டால் தையல் தெரியாது.

யூவியைத் திருப்பும்போது நார்மல் மேப் கெடாது, ஏனென்றால் டேஞ்சன்ட் திசையும் யூவியோடு சேர்ந்தே திரும்பும். ஆனால் பிளெண்டர் எதிர்பார்க்கும் பச்சைச் சேனலின் திசையும் விளையாட்டு எஞ்சினான அன்ரியல் எதிர்பார்ப்பதும் எதிரெதிர். அதை மாற்ற மறந்தால், நேராகக் கிடக்கும் முகத்தில் மேல் கீழ் ஒளி தவறும், திருப்பிய முகத்தில் இடவலம் தவறும்; பார்ப்பவர் யூவியில்தான் பிழை என்று தேடிக்கொண்டிருப்பார். போல்ட்டின் தலை குழியாகத் தெரிகிறதா என்று முதலில் பார்த்து, அன்ரியலில் டெக்ஸ்சரின் `Flip Green Channel` என்பதைச் சரிசெய்தால் போதும்.

நிறப் படத்தில் புவியீர்ப்பைச் சார்ந்த எதையும் வைக்கக்கூடாது என்பதில் மட்டும் நாங்கள் கறாராக இருந்தோம். துரு வழிந்த கோடு ஷீட்டில் இருந்தால், பட்டை திரும்பிய முகத்தில் அது பக்கவாட்டில் வழியும். கண்ணில் படும்படியான ஒரு தனிக் கீறலும் வேண்டாம். அது எல்லாப் ப்ராப்களிலும் திரும்பத் திரும்ப வந்து நிற்கும். யூவியின் தனித்தனித் துண்டுகளான தீவுகளைப் பட்டையின் வழியே முன்னும் பின்னும் நகர்த்தி வைப்பது இதை ஓரளவு மறைக்கும். துருவும் தூசும் சுவரொட்டி கிழிந்த தடமும் மேலே ஒட்டும் டெக்கல்களாக வந்தன. நிறத்தை மாடலின் முனைகளில் பதியும் வெர்டெக்ஸ் கலரில் வைத்து, பெயின்ட் உள்ள இடங்களை மட்டும் குறிக்கும் ஒரு மாஸ்கை ஷீட்டிலேயே சேமித்ததால், தடுப்பு வேலியின் மஞ்சளும் பில்லர் பாக்ஸின் சாம்பலும் ஒரே மெட்டீரியலில் இருந்தே கிடைத்தன.

அடிபம்பு மட்டும் இந்த முறைக்கு அடங்கவில்லை. வார்ப்பு இரும்பின் வளைந்த உடலில் நேர்ப்பட்டைக்கு வேலை இல்லை என்பதால் அதற்குத் தனி டெக்ஸ்சர் செய்தோம். வெறுமையாக விட்ட 128 பிக்சல் பட்டைக்கும் பின்னர் வேலை வந்தது. டீக்கடைத் தள்ளுவண்டியின் முன்பலகைக்குப் புள்ளி வைத்த அலுமினியத் தகடு வேண்டும் என்று கேட்டார்கள். அதை அந்த இடத்தில் வரைந்து சேர்த்தபோது, ஏற்கெனவே முடித்திருந்த எந்தப் ப்ராப்பின் யூவியையும் தொட வேண்டியிருக்கவில்லை.