பதினெட்டு நாள் எந்தக் கேள்விக்கு விடை?

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 மாலை வகுப்பில் 'நேரமும் வேலையும்' தொடங்கும் அன்று ஒரே கணக்கைத்தான் போர்டில் எழுதுவேன். ஒரு வீட்டுக்கு வெள்ளையடிக்க முருகனுக்கு 12 நாள், செல்வனுக்கு 6 நாள். சேர்ந்து அடித்தால் எத்தனை நாள்? பின்வரிசையிலிருந்து "பதினெட்டு" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். பல வருஷம் அதைத் தப்பு என்று சொல்லிவிட்டு நேரே வழிமுறைக்குப் போய்விடுவேன்.

ஒரு முறை, பகலில் பெயின்டர் வேலை பார்த்துவிட்டு வகுப்புக்கு வரும் பையன் சிரித்துவிட்டான். "செல்வன் தனியாவே ஆறு நாள்ல முடிச்சிருவானே சார். கூட ஒரு ஆள் வந்ததுக்கு அப்புறம் பதினெட்டு நாள் இழுத்தா, கூலி யாரு குடுப்பா?" பதினெட்டு என்றவன் உடனே ஒன்பது என்று மாற்றினான், சராசரியாம். "அதுவும் ஆறுக்கு மேலதானேடா!"

அன்றுதான் எனக்கு உறைத்தது. 18 சும்மா வந்த எண் இல்லை, வேறொரு கேள்விக்குச் சரியான விடை. முருகன் ஒரு வீட்டை முழுதாக முடித்த பிறகு செல்வன் இன்னொரு வீட்டைத் தொடங்கினால் 18 நாள்தான். ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் வேலைக்கு நாள்களைக் கூட்டலாம். ஒரே நேரத்தில் நடந்தால், ஒரு நாளில் ஆகும் வேலையைத்தான் கூட்ட வேண்டும். வீட்டை 12 பங்காக வைத்தால் முருகன் நாளுக்கு 1 பங்கு, செல்வன் 2 பங்கு. சேர்ந்து 3 பங்கு, ஆக 4 நாள்.

இப்போதெல்லாம் கணக்குப் போடும் முன்பே எல்லையைக் குறிக்கச் சொல்கிறேன். இருவருமே செல்வன் வேகம் என்றால் 3 நாள், இருவருமே முருகன் வேகம் என்றால் 6 நாள். விடை இதற்கு நடுவில்தான் வர முடியும்.

இவ்வளவு தெரிந்த பிறகும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அ, ஆ சேர்ந்து 12 நாள், ஆ, இ சேர்ந்து 15 நாள், இ, அ சேர்ந்து 20 நாள், மூவரும் சேர்ந்தால்? ஒவ்வொருவரும் இரண்டு முறை வருகிறார்கள், அதனால் பாதியாக்க வேண்டும் என்பது சரிதான். ஆனால் நாள்களையே கூட்டி, 47-ஐப் பாதியாக்கி 23½ என்று எழுதிவிடுகிறார்கள். இருவரே 12 நாளில் முடிக்கிற வேலை அது! 60 பங்காக வைத்தால் சோடிகளின் ஒரு நாள் வேலை 5, 4, 3. கூட்டினால் 12, பாதி 6. விடை 10 நாள். பாதியாக்க வேண்டியது பங்கை, நாளை அல்ல.

வகுப்பு முடிந்து போர்டை அழிக்கும்போது பெயின்டர் பையன் வந்து நின்றான். "சார், அந்த நாலு நாள் கணக்குல ஏணி ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டுன்னு வச்சுக்கோப்பா" என்றேன்.