வைவாவுக்கு ஒன்பது நாள்

மார்ச் 3
என் ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு, வைவா, 12ஆம் தேதி. ஆய்வேட்டை முதலிலிருந்து படித்தேன், இந்த முறை தேர்வாளர் கண்ணோடு. இரவில் போன் பார்க்கும் நேரத்துக்கும் தூக்கத்தின் தரக்குறைவுக்கும் உள்ள தொடர்புதான் என் ஆய்வு. 85 பேர் வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தொடங்கினேன், கிடைத்தது 62 பேர். எங்கே பிடிப்பார்கள் என்று தேடவே வேண்டாம், மூன்றாம் அத்தியாயத்தில் நானே எழுதி வைத்திருக்கிறேன்.

மார்ச் 5
"62 பேர் போதுமா?" என்று நானே கேட்டு, பதிலைப் போனில் பதிவு செய்தேன். 4 நிமிடம் 10 வினாடி! முதல் மூன்று நிமிடமும் யாரை அழைத்தேன், யார் பாதியில் விலகினார்கள், விடுமுறை எப்படிக் குறுக்கே வந்தது என்ற கதை, கடைசியில்தான் பதில், அதுவும் "போதும்னு நினைக்கிறேன், ஆனா" என்று இழுவை. நடந்த வரிசையில் சொல்லப் போனதுதான் கோளாறு. ஆள் ஏன் குறைந்தார்கள் என்பது அவர்களுக்கு இரண்டாம் பட்சம், குறைந்ததால் என் முடிவு என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி.

மார்ச் 6
போன் நேரமும் தூக்கத்தின் தரக்குறைவும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு 0.31. 62 பேருக்கு அதன் 95% நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான மதிப்பு இருக்கக்கூடிய வரம்பு, 0.07 முதல் 0.52 வரை, பூஜ்யத்தைத் தொடவில்லை. இதை வைத்துப் பதிலைத் திருப்பிப் போட்டேன்:

"திட்டமிட்டதைவிடக் குறைவுதான். தொடர்பு இருக்கிறது என்று சொல்ல முடிகிறது, எவ்வளவு வலுவானது என்று சொல்ல முடியவில்லை, இடைவெளி 0.07 முதல் 0.52 வரை விரிகிறது. அதனால் முடிவுரையில் வலுவைப் பற்றிப் பேசவில்லை."

25 வினாடிகூட ஆகவில்லை. சந்தோஷமாக முடிவுரையைப் புரட்டினால், ஒரு பத்தியில் "வலுவான தொடர்பு" என்று எழுதியிருக்கிறேன். சரி, கடைசி வாக்கியத்தை "ஓரிடத்தில் மிகைப்படுத்திவிட்டேன், திருத்துகிறேன்" என்று மாற்றி, பக்க எண்ணையும் குறித்துக்கொண்டேன். அவர்கள் கண்டுபிடிப்பதற்குள் நான் சொல்லிவிடுவது மேல்.

மார்ச் 8
நெறியாளரும் சீனியர் அக்காவும் தேர்வாளர்களாக உட்கார்ந்தார்கள். 62 கேள்விக்குச் சரியாகச் சொல்லி முடித்தேன். அக்கா குனிந்து ஏதோ எழுதிக்கொண்டே இருந்தார், அந்த அமைதி தாங்காமல் "அப்புறம், போன் நேரம் அவங்களே சொன்ன கணக்குதான், அளந்தது இல்ல" என்று நானாகவே எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான், பத்து நிமிடம் அதிலேயே வறுத்தெடுத்தார். அந்தப் பலவீனத்துக்கும் பதில் தயாராக இருக்க வேண்டியதுதான், ஆனால் கேட்கும் முன்பே கதவைத் திறந்துவிட்டது நான். என்னதான் எழுதினீர்கள் என்று பிறகு கேட்டேன். அடுத்த கேள்வியாம்.

மார்ச் 11
இன்று அக்கா மட்டும். "போன் பார்ப்பதால் தூக்கம் கெடுகிறதா?"

"இந்தத் தரவை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. இரண்டையும் ஒரே சமயத்தில்தான் கேட்டேன், தூக்கம் வராததால் போனை எடுத்தவர்களும் இதில் இருக்கலாம்."

நிறுத்தினேன். அவர் எழுத ஆரம்பித்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூன்று மடக்குக் குடித்தேன், இன்னும் எழுதிக்கொண்டிருந்தார், நான்காவது மடக்கும் குடித்தேன்.