ஒற்றைக் காகிதப் பட்டையில் தொங்கும் நட்சத்திரம்

ஒரே காகிதப் பட்டையை முடிச்சிட்டுச் சுற்றி, உப்பலான ஐந்துமுனை நட்சத்திரம் செய்வது எனக்கு ஓரளவு பழகியிருந்தது. அதை ஜன்னலில் தொங்கவிட முயன்றபோதுதான் தடுமாறினேன். முடிந்த நட்சத்திரத்தில் ஊசியால் நூல் கோத்தேன். ஊசியை அழுத்திய வேகத்தில் உப்பல் அமுங்கியது. அமுங்காமல் தப்பியதும் முன்பக்கம் சாய்ந்தே தொங்கியது, ஏனெனில் நூல் நுனியில் இல்லாமல் முகப்பில் துளைத்து ஏறியிருந்தது.

பட்டையின் அளவிலும் முதலில் பிசகினேன். ஏ4 தாளின் நீளவாக்கில் 2 செ.மீ. அகலத்தில் வெட்டிய பட்டை, ஐங்கோணத்தை ஒன்றரைச் சுற்றுக்கூடச் சரியாக மூடவில்லை; ஓரத்தை அழுத்தியதும் உப்பாமல் கசங்கிவிட்டது. அகலத்தைப்போல் சுமார் 25 மடங்கு நீளம் வேண்டும் என்பது பிறகே புரிந்தது. ஏ4 தாளில் 1.2 செ.மீ. அகலம் இதற்குப் பொருந்துகிறது. தொங்கவிடப் பெரிதாக வேண்டுமென்பதால், 70 செ.மீ. நீளமுள்ள மெல்லிய பரிசுப் பொதிதாளில் 2.5 செ.மீ. அகலத்துக்கு ஒரு பட்டையை வெட்டிக்கொண்டேன்.

பட்டையின் ஒரு முனையில் சாதாரண முடிச்சொன்றைப் போட்டு, இறுக்காமல் மெதுவாக இழுத்துத் தட்டையாக்கினால் அது தானாகவே ஐங்கோணமாக அமைகிறது. நீட்டிக்கொண்டிருக்கும் சிறு வாலைப் பின்னால் மடித்தேன். நூலை வைக்க வேண்டிய இடம் இதுதான். நூலின் நுனியில் தடித்த முடிச்சிட்டு, அதை ஐங்கோணத்தின் நடுவில் சிறு டேப்பால் ஒட்டி, மறு நுனி ஒரு மூலை வழியாக வெளியேறும்படி கிடத்தினேன். பிறகு பட்டையை அது போகும் திசையிலேயே, ஓரத்தோடு ஓரம் சேரச் சுற்றினேன். அந்த மூலையை ஒட்டிய பக்கத்தில் மடிப்பு விழும்போதெல்லாம் நூலை மூலையின் நுனிக்கே நகர்த்திப் பிடிக்க வேண்டும். ஒருமுறை அதை மறந்ததில் நூல் பக்கத்தின் நடுவில் சிக்கிக்கொண்டது, நான்கு மடிப்புகளைப் பிரித்துச் சரிசெய்தேன்.

சுற்று மூன்றை நெருங்கியதும், மிஞ்சிய துண்டை அடுக்கின் அடியில் செருகினேன். மடிப்புகளை நகத்தால் அழுத்தித் தேய்க்கக் கூடாது. சுற்று இறுகிப்போனால் பக்கங்கள் உள்ளே குழியாமல் முறிந்துவிடும்.

உப்பவைக்கும்போது தட்டையான முகப்புகளைத் தொடாமல், ஓரங்களை மட்டும் விரல்களுக்கிடையே நிறுத்தி, ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் கட்டைவிரல் நகத்தால் மெல்ல உள்ளே தள்ளினேன். ஒரே தடவையில் ஆழமாகத் தள்ளாமல், ஐந்து பக்கத்தையும் இலேசாக ஒரு சுற்றும், பின்னர் ஆழமாக மற்றொரு சுற்றும் அழுத்தியபோதுதான் முனைகள் சமமாக எழுந்தன. நூல் வரும் முனையை மட்டும் கடைசிக்கு விட்டுவைத்தேன். அது கூர்மையானதும் நூல் அதன் நுனியிலேயே நின்றது, நட்சத்திரமும் சாயாமல் நேராகத் தொங்கியது.