பதினைந்து வேலை நாட்களும் ஒரு வீண் பயணமும்: ஒப்பந்ததாரரைத் தணிக்கை செய்த கதை

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் உள்ள எங்கள் தொழிற்சாலையில் நான் உள் தணிக்கையாளர். துப்புரவுப் பணியை வெளியாருக்கு விட்டிருக்கிறோம். அந்த ஒப்பந்ததாரரின் கணக்கைப் பார்ப்பதற்காக 2023 ஜூலையில் கடலூரில் இருக்கும் அவருடைய அலுவலகத்துக்குப் பேருந்தில் போய், படியேறிய பத்தாவது நிமிடம் திரும்பி வந்தேன். நான்கு நாட்களுக்கு முன் மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன். அங்கிருந்த எழுத்தர் ஒப்பந்தத்தின் நகலை எடுத்து, பதினைந்து வேலை நாட்களுக்கு முன் பதிவுத் தபாலில் அறிவிக்க வேண்டும் என்ற வரியின் மேல் விரலை வைத்துக் காட்டினார். அவர் சொன்னதில் தவறில்லை, கையெழுத்திட்டது நாங்கள்தான்.

தபால் அனுப்பி, காத்திருந்து, ஆகஸ்டில் மறுபடி போனேன். வருகைப் பதிவேடும் ஊதியப் பதிவேடும் ஒழுங்காகவே இருந்தன. வைப்பு நிதிக்கு மட்டும், அவர்களுடைய எல்லா வாடிக்கையாளர்களுக்கும் சேர்த்துக் கட்டிய ஒரே சலானைக் கொடுத்தார்கள். பணம் கட்டியாகிவிட்டது என்பது அதிலிருந்து தெரியும். எங்கள் 31 பேருக்கு எவ்வளவு என்பது தெரியாது. சலானுடன் பதிவேற்றப்படும் ஈசிஆர் என்ற மாதாந்திரப் பட்டியலில்தான் ஒவ்வொருவரின் யூஏஎன் என்ற வைப்பு நிதி உறுப்பினர் எண், ஊதியம், பங்களிப்பு எல்லாம் இருக்கும். அதைக் கேட்டதும், மற்ற வாடிக்கையாளர்களின் விவரங்கள் அதில் இருப்பதால் தர இயலாது என்றார்கள். எங்கள் ஒப்பந்தத்தில் ‘இப்பணி தொடர்பான பதிவேடுகள்’ என்று பொதுவாக எழுதியிருந்தோமே தவிர, எந்தெந்தப் பதிவேடு என்று பெயர் சொல்லியிருக்கவில்லை. மற்றவர்களின் வரிகளை மறைத்து எங்கள் ஆட்களின் வரிகளை மட்டும் கொடுங்கள் என்று எழுத்தில் கேட்ட பிறகு, மூன்றாவது வாரத்தில் ஆறு மாதப் பட்டியல் வந்து சேர்ந்தது.

அதில் பங்களிப்புத் தொகைக்கு முன்னதாக நான் பார்த்தது என்சிபி நாட்கள் என்ற கட்டத்தை. ஊதியமில்லாத நாட்களின் எண்ணிக்கை அங்கே வரும். 31 பேரில் 19 பேருக்கு, முப்பது நாள் மாதத்தில் 15 என்று இருந்தது. ஊதியம் 13,000 ரூபாய்க்குப் பதில் 6,500 என்று காட்டப்பட்டிருந்தது. எங்களுக்கு வந்த பில்லிலோ, நிர்வாகக் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த 13 சதவீத முதலாளி பங்காக ஆளுக்கு 1,690 ரூபாய் வாங்கியிருந்தார்கள். கட்டியது 845. எங்களிடம் வாங்கியதோடு இது நிற்கவில்லை. ஊதியச் சீட்டுப்படி தொழிலாளியிடமும் 1,560 ரூபாய் பிடித்து, 780 மட்டுமே செலுத்தியிருந்தார்கள்.

உறுதிப்படுத்திக்கொள்ள, பணியாளர் ஒருவரிடம் அவருடைய கைப்பேசியில் பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து காட்டச் சொன்னேன். அந்த அம்மா திரையைப் பார்த்துவிட்டு, “சீட்டுல ஆயிரத்து ஐந்நூத்தி அறுபதுன்னுதானே சார் போட்டிருக்கு?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அந்த நாட்களில் ஆட்கள் உண்மையிலேயே வரவில்லை என்பது ஒப்பந்ததாரரின் முதல் வாதம். எங்கள் வாயிற்கதவின் கைரேகைப் பதிவு அதை மறுத்தது. ஆனால் அது எங்கள் பதிவு என்பதால் இயந்திரத்தில் பழுது என்று சொல்லவும் இடமிருந்தது. வாயை அடைத்தது அவர்களே மாதந்தோறும் கொடுத்துவந்த செயல்திறன் அறிக்கைதான். அபராதத்தைத் தவிர்க்க 95 சதவீத வருகை வேண்டும். ஆறு மாதமும் 98 என்று போட்டிருந்தார்கள். பாதி ஆட்கள் பாதி நாள் வரவில்லை என்றால் அந்த 98 பொய். 98 மெய்யென்றால் பட்டியல் பொய். இரண்டையும் ஒரே தாளில் எதிரெதிராக எழுதி அனுப்பினேன். (அந்த 98ஐ ஆறு மாதமாக எங்கள் பக்கத்தில் யாருமே சரிபார்க்காமல் கையெழுத்திட்டதையும் என் அறிக்கையில் எழுத வேண்டியதாயிற்று, நிர்வாகத் துறை நண்பர் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.)

ஆறு மாதக் கணக்கு: கூடுதலாக வாங்கிய முதலாளி பங்கு 96,330 ரூபாய், தொழிலாளர்களிடம் பிடித்துச் செலுத்தாத பங்கு 88,920 ரூபாய், ஆக 1,85,250. ஒப்பந்ததாரர் கட்டாவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் என்ற முறையில் வைப்பு நிதி அலுவலகம் எங்களைக் கேட்கும் என்பதால், நிதித் துறை உடனே பில்லை நிறுத்தச் சொன்னது. ஆனால் பிடித்துவைக்கும் உரிமையும் ஒப்பந்தத்தில் எழுதப்படவில்லை. ஒரு மாதம் கடிதப் போர் நடந்தது. முடிவில் அவர்களே குறைபாட்டை, தாமதத்துக்கான ஆண்டுக்கு 12 சதவீத வட்டியுடன், துணை ஈசிஆர் மூலம் கட்டினார்கள்.

புதுப்பித்த ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைச் சேர்த்தோம். எங்கள் ஆட்களுக்கான ஈசிஆர் வரிகள் பில்லுடன் வராவிட்டால் அந்த மாதம் பணம் இல்லை. அறிவிப்பு ஐந்து வேலை நாட்கள், மின்னஞ்சல் போதும். குறைபாடு தெரிந்தால் அந்த அளவு தொகையைப் பிடித்துவைக்கலாம். இரண்டாவது வரிக்குத்தான் அதிகம் பேரம் நடந்தது. நாங்கள் மூன்று நாள் கேட்டோம், ஐந்து என்று முடிவானது.

டிசம்பரில் அந்த அம்மா வாயிற்கதவருகே என்னை நிறுத்தி, பாஸ்புக்கில் விட்டுப்போன ஆறு மாதங்களின் வரிகளையும் விரலால் ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினார்.