மீதி 3,500 வெள்ளி எங்கே?

பினாங்கு லிட்டில் இந்தியாவில் சிறிய நகைக்கடை ஒன்றை நடத்தி வருகிறேன். தீபாவளி முடிந்த கையோடு வருமான வரி வாரியத்திலிருந்து தணிக்கைக் கடிதம் வந்தது. மூன்று ஆண்டுகளுக்கான விற்பனை ரசீதுகள், கொள்முதல் ரசீதுகள், வங்கிக் கணக்கு அறிக்கைகள், ஆண்டிறுதிச் சரக்குக் கணக்கு ஆகியவற்றைக் கேட்டிருந்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் படிவம் B-ஐத் தவறாமல் நிரப்பி, வரியையும் ஒழுங்காகக் கட்டியவள் என்பதால் எனக்குப் பெரிய பயம் எதுவும் இருக்கவில்லை.

ரசீதுகளைப் போட்டு வைத்திருந்த பிஸ்கட் டின்னைத் திறந்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. மொத்த வியாபாரியின் ரசீதுகளில் பாதிக்கு மேல் வெப்பத்தாளில் அச்சானவை. எழுத்தெல்லாம் மறைந்து, பழுப்பேறிய வெறுந்தாள்களாகக் கிடந்தன. ஒன்றை விளக்கடியில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன், தேதியின் கடைசி இரண்டு எண்கள் மட்டும் தெரிந்தன. கணக்குப் பதிவுகளை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அவ்வகைத் தாள் வந்த அன்றே நகலெடுத்து வைக்காவிட்டால் ஏழு மாதம் தாங்குவதே பெரும்பாடு.

பழைய வங்கி அறிக்கைகளுக்காக ஒரு வங்கிக் கிளையில் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றேன். முகப்பில் இருந்தவர் என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, வணிகப் பதிவுச் சான்றிதழும் வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார். முதல் நாள் தொலைபேசியில் கேட்டபோது அதை யாரும் சொல்லவில்லை. அன்று கடையை அரைநாள் பூட்டியதுதான் மிச்சம்.

தணிக்கைக்கு வந்த அதிகாரி பொறுமையானவர். முதலில் வங்கியில் விழுந்த தொகைகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். வீட்டுக் கூரையைப் பழுதுபார்க்க அக்காள் அனுப்பிய 18,000 வெள்ளியும் அதே கணக்கில்தான் இருந்தது. அது விற்பனைப் பணம் அல்ல என்று நிரூபிக்க, அக்காளின் வங்கி அறிக்கையையும் கூரை வேலைக்கான ரசீதையும் தேடிப் பிடிக்க இரண்டு வாரமாயிற்று. கடைக்கென்று தனிக் கணக்கு வைத்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

உண்மையான சிக்கல் பழைய நகை மாற்றில் இருந்தது. அதிகாரி மொத்த வியாபாரியின் ரசீது ஒன்றை எடுத்து வைத்து, "புவான், சரக்கு வாங்கியது 10,000 வெள்ளிக்கு. வங்கியிலிருந்து போனதோ 6,500. மீதி 3,500-ஐ எதில் கொடுத்தீர்கள்?" என்று மலாயில் கேட்டார்.

தங்கமாகக் கொடுத்தேன் என்றேன். அந்தத் தங்கம் எங்கிருந்து வந்தது என்பது அடுத்த கேள்வி. அதற்குப் பதில் என் புத்தகத்தில் இல்லை.

நடந்தது இதுதான். வாடிக்கையாளர் ஒருவர் 20 கிராம் 916 சங்கிலியை வாங்கினார். கிராம் 280 வெள்ளி வீதம் 5,600, கூலி 400, ஆக மொத்தம் 6,000. அவர் கொண்டுவந்த பழைய வளையல்கள் 14 கிராம். கிராமுக்கு 250 வீதம் 3,500 கழித்து, கையில் கொடுத்தது 2,500 வெள்ளி. நான் விற்பனையில் 2,500 என்று மட்டும் எழுதினேன். வளையல்களை மொத்த வியாபாரியிடம் அதே மதிப்புக்குத் தள்ளிவிட்டுப் புதுச் சரக்கு எடுத்தேன். ஆனால் அவர் கொடுத்த 10,000 வெள்ளி ரசீதை அப்படியே முழுக் கொள்முதலாக எழுதிக்கொண்டேன். வரவில் கழித்துவிட்டு, செலவில் கழிக்காமல் விட்டதால் அந்த ஒரு பரிமாற்றத்திலேயே என் வருமானம் 3,500 வெள்ளி குறைவாகக் காட்டப்பட்டிருந்தது. மாதத்துக்கு ஐந்தாறு மாற்று நடக்கும் கடையில் மூன்று ஆண்டுகளுக்கு இதைப் பெருக்கிப் பாருங்கள். ஏமாற்றும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. ஆனால் எண்களைப் பார்க்கிறவருக்கு அது எப்படித் தெரியும்?

இதை முதலில் புரிய வைத்தவர் நான் அவசரமாக அமர்த்திய வரி முகவர்தான். கடையின் எடைச் சீட்டுகள் என்னிடம் பத்திரமாக இருந்ததுதான் என் ஒரே அதிர்ஷ்டம். அவற்றைக் கொண்டு எந்த நகை எந்த நாளில் வந்தது, எப்போது மொத்த வியாபாரிக்குப் போனது என்று ஒவ்வொன்றாகக் கோத்தோம். விடுபட்ட வருமானம் என்று அதிகாரி ஊகத்தில் போட்டிருந்த தொகை கணிசமாகக் குறைந்தது. குறைவாகக் கட்டியிருந்த வரியின் மீதியையும் அதன்மேல் அபராதத்தையும் தவணையில் கட்டி வருகிறேன்.

இப்போது ஒரு மாற்றுக்கு இரண்டு சீட்டு எழுதுகிறேன். சங்கிலி 6,000-க்கு விற்றதற்கு வரிசை எண்ணிட்ட ரசீது ஒன்று. வளையலை 3,500-க்கு வாங்கியதற்குத் தனிச் சீட்டு ஒன்று. இரண்டாவதில் மொத்த எடை, கல்லும் அரக்கும் கழித்த எடை, விலை, விற்றவரின் அடையாள அட்டை எண், கையொப்பம் எல்லாம் இருக்கும். அந்தத் தங்கம் மொத்த வியாபாரிக்குப் போகும்போது அதையும் விற்பனையாக எழுதுகிறேன். மாதக் கடைசியில் பணத்தோடு எடையையும் கூட்டிப் பார்க்கிறேன். போன மாதம் 2.3 கிராம் இடித்தது, தேடியதில் ஒரு தோடு பட்டறையில் பற்றவைக்கப் போயிருந்தது.

சென்ற வாரம் நெடுநாள் வாடிக்கையாளரான ஓர் அம்மா, "இத்தனை வருஷமா கேட்காத ஐ.சி. நம்பர் இப்ப எதுக்கும்மா?" என்று முகம் சுளித்தார். தேநீர் வரவழைத்துக் கொடுத்து, கையொப்பம் வாங்கிக்கொண்டுதான் அனுப்பினேன்.