மகரமும் ரகரமும் பின்னிய மோனோகிராமைச் சோதித்த அனுபவம்

தோழி தன் பொட்டிக் துணிக்கடைக்காக ம, ர இரண்டையும் பின்னி ஒரு மோனோகிராம் வரைய வைத்திருந்தாள். திரையில் பெரிதாகப் பார்க்க அருமையாக இருந்தது. ஆனால் அது போகப்போகிற இடங்கள் 20 மில்லிமீட்டர் எம்பிராய்டரியும் பிரவுசர் டேப்பில் வரும் 16 பிக்சல் ஐகானும்தான். அதனால் முதல் வேலையாக நிஜ அளவில் பிரிண்ட் எடுத்துக் கை நீட்டிய தூரத்தில் வைத்துப் பார்த்தேன். ர-வின் கீழே சாய்ந்து இறங்கும் கோடு ம-வின் அடிக்கோட்டோடு ஒட்டிப்போய்விட்டது. அந்தச் சாய்கோடு இல்லாத ர வெறும் துணைக்கால்தானே! கடைப் பெயர் தெரியாத ஒருவரிடம் காட்டினேன், தயங்காமல் "மா" என்று படித்தார். பெயர் தெரிந்தவர்களிடம் கேட்டுப் பயனில்லை, அவர்கள் கண் தானாகவே ர-வைச் சேர்த்துக்கொள்ளும்.

அடுத்து பின்னல். ஒரு கோடு இன்னொன்றின் அடியில் நுழைகிற மாதிரி காட்ட, அடியில் போகும் கோட்டை இருபுறமும் கொஞ்சம் வெட்டி இடைவெளி விடுவார்கள். மொத்த அகலத்தை 100 பங்கு என்று வைத்தால் இதில் அந்த இடைவெளி 3 பங்கு. 20 மில்லிமீட்டரில் அது 0.6 மில்லிமீட்டர்தான், எம்பிராய்டரியில் சுமார் 1 மில்லிமீட்டருக்குக் குறைந்த இடைவெளியை நூலே மூடிவிடும். 16 பிக்சலில் அரை பிக்சல்கூட வராது, சாம்பல் நிறத் தீற்றல்தான் மிஞ்சும்.

எனக்கு அதிகம் உறுத்தியது வெற்றிடம். எழுத்துகளை விட்டுவிட்டு, கோடுகளுக்கு நடுவே அடைபட்ட வெள்ளை இடங்களுக்கு மட்டும் பேனாவால் வண்ணம் கொடுத்துப் பார்த்தேன். ம-வின் வலப்பக்கச் சுழிக்கு நடுவே ர-வின் வலது கால் இறங்கி, அதை இரண்டு கீற்றுகளாகப் பிளந்திருந்தது. கோட்டின் தடிமன் 9 பங்கு, கீற்றோ 4 பங்குகூட இல்லை. கோட்டைவிட இவ்வளவு ஒல்லியான வெள்ளை, அளவு குறைந்ததும் முதலில் அடைந்துபோகும். அதற்குப் பக்கத்திலேயே ம-வின் திறந்த வாய் அகலமாகக் கிடந்ததால் வலப்பக்கம் மட்டும் கறுப்பாகக் கனத்துத் தெரிந்தது.

வரைந்தவரிடம் வண்ணம் கொடுத்த தாளையே காட்டினேன். "இடைவெளியைக் கூட்டினா பின்னல் அழகு போயிடுமே" என்றார். நியாயமான கவலைதான், ஆனால் எல்லா இடத்திலும் பின்ன வேண்டியதில்லையே. ர-வை அகலப்படுத்தி, வலது காலைச் சுழிக்கு வெளியே இறக்கச் சொன்னேன். இடது கால் மட்டும் ம-வின் வாய்க்குள் இறங்கி அடிக்கோட்டைத் தாண்டுகிறது, பின்னல் அந்த ஓர் இடத்தில்தான். சாய்கோடு வெளியே தனியாக நிற்பதால் இப்போது யாரும் "மா" என்று படிப்பதில்லை. சுழியும் முழுசாகத் திறந்திருக்கிறது.

இடைவெளியை 7 பங்காக்கினோம். 20 மில்லிமீட்டரில் 1.4, தையலுக்குத் தாங்கும். 15 மில்லிமீட்டருக்குக் கீழே இதே வடிவத்தைத் தைக்கக் கூடாது என்று கோப்பிலேயே எழுதி வைத்தோம். 16 பிக்சலில் இடைவெளி ஒரு பிக்சலைக் கொஞ்சம் தாண்டுகிறது, ஆனால் பிக்சல் கட்டத்தில் சரியாக உட்காராவிட்டால் அங்கேயும் மங்கும். அதனால் ஐகானுக்கு மட்டும் பின்னலை எடுத்துவிட்டு, ம-வைத் தனியாகக் கொஞ்சம் தடிமனாக வரைந்து வாங்கினோம்.